பாட்டி விரல்தான் பட்டன்: ஒரு டிவி, ஆறு போன், பதினெட்டு பேரு

கேள்வி: "அக்கா, தீபாவளிக்கு சுங்கை சிப்புட்ல பாட்டி வீட்டுல 18 பேரு சேருவோம், சின்னதுக்கு 6 வயசு, பாட்டிக்கு 79. டிவி ஒண்ணு, என் லேப்டாப் ஒண்ணு, எல்லார் கையிலயும் போன் இருக்கு. போனையே கண்ட்ரோலரா வச்சு எல்லாரும் சேர்ந்து விளையாட என்ன கேம் போடலாம்? போன வருஷம் ஒண்ணு போட்டேன், எல்லாம் இங்கிலீஷ், கால் மணி நேரத்துல பெரியவங்க எந்திரிச்சு அடுப்படிக்கு போயிட்டாங்க."

தம்பி, கேம் பேர தேடுறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பாருங்க, அந்த கேம்ல போன் என்ன வேலை செய்யுதுன்னு. சிலதுல போன் வெறும் பட்டன், டிவிய பார்த்து ஒரு கலர அமுக்குனா போதும். சிலதுல போன் வரையிற பலகை. சிலதுல போன் கீபோர்டு, பதில டைப் பண்ணணும், அதுவும் கிண்டலா டைப் பண்ணணும். சிலதுல ஜாய்ஸ்டிக் மாதிரி, கட்டை விரல வச்சு காரு ஓட்டணும். போன வருஷம் நீங்க போட்டது அந்த டைப் பண்ற வகைன்னு நினைக்கிறேன், அதுலதான் பெரியவங்க முதல்ல கழண்டுக்குவாங்க, ஏன்னா டிவில ஓடுறத படிச்சு புரிஞ்சு, போன்ல எழுத்து தேடி, டைம் முடியறதுக்குள்ள அனுப்பணும், மூணும் ஒரே நேரத்துல, அதுவும் இங்கிலீஷ்ல. பாட்டிக்கு விளையாட்டு புடிக்காம இல்ல, விளையாட்டுக்குள்ள வர வாசலே இல்ல.

அதனால நான் சொல்றது கஹூட். பள்ளிக்கூடத்துல டீச்சருங்க போடுவாங்களே அதேதான், உங்க வீட்டு பிள்ளைங்களுக்கு நல்லா தெரிஞ்சிருக்கும். ஆனா ரெடிமேடா கெடக்கற கஹூட்ட எடுத்து போடாதீங்க, கேள்விய நீங்களே தமிழ்ல எழுதுங்க. கேள்வியும் நாலு பதிலும் டிவில வரும், போன்ல நாலு பெரிய கட்டம் மட்டும் வரும், செவப்புல முக்கோணம், நீலத்துல டைமண்ட், மஞ்சள்ல வட்டம், பச்சைல சதுரம். படிக்கத் தெரியாதவங்க கூட விளையாடலாம், ஒருத்தர் சத்தமா வாசிச்சா போதும். ஆறு வயசு பையனுக்கும் எழுபத்தொன்பது வயசு பாட்டிக்கும் ஒரே மாதிரி ஈஸியா இருக்கிற ஒரே பொருள் கலர்தான். கண்ணாடிய மறந்துட்டு வந்த மாமாவுக்கும்தான்.

இப்ப முக்கியமான விஷயம். பதினெட்டு பேருக்கு பதினெட்டு போன் வேணாம். மூணு மூணு பேரா ஆறு டீம் போடுங்க, ஒவ்வொரு டீமுக்கும் ஒரு போன்தான், ஒவ்வொரு டீம்லயும் ஒரு பிள்ளை, ஒரு நடு வயசு, ஒரு பெரியவங்க. கஹூட்ல டீம் மோடுன்னு தனியா ஒண்ணு இருக்கு, அது உள்ள எல்லார் பேரையும் கேக்கும், அது வேணாம், சாதாரண மோடுல சேர்ந்து பேரு கேக்குற இடத்துல டீம் பேர போட்டா போதும். இப்படி செஞ்சா இன்னொரு பிரச்சினையும் தீருது, இலவச அக்கவுண்ட்ல இத்தனை பேருதான் சேர முடியும்னு ஒரு லிமிட் வச்சிருக்காங்க, அது அக்கவுண்ட் வகைய பொறுத்து மாறும், ஆறு போன்னா அதுல போய் முட்டிக்க மாட்டீங்க. ஆனாலும் ஒரு வாரம் முன்னாடி ஆறு போன சேர்த்து ஒரு தடவை ஓட்டி பார்த்துடுங்க.

டீமுக்குள்ள சட்டம் ஒண்ணுதான். போன அமுக்குற விரல் பெரியவங்களோடது. பிள்ளை டிவிய பார்த்து படிச்சு சொல்லட்டும், நடு வயசு ஆளு யோசனை சொல்லட்டும், ஆனா அமுக்குறது பாட்டிதான், தாத்தாதான், பெரியம்மாதான். இந்த ஒரு சட்டத்த வைக்காம முதல் வருஷம் எங்க வீட்டுல போட்டப்ப என்ன ஆச்சுன்னா, பிள்ளைங்க போன புடுங்கி அவங்களே அமுக்கி முடிச்சுட்டாங்க, பெரியவங்க சோபால உக்காந்து வேடிக்கை பார்த்தாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா காணோம். அடுத்த வருஷம் விரல் சட்டம் வச்சோம், ஒருத்தர் கூட எந்திரிக்கல. விரல் அவங்களோடதா இருந்தா பேரப்பிள்ளை அவங்ககிட்ட வந்து கெஞ்சி விளக்கம் சொல்லித்தான் ஆகணும், அதுலதான் விளையாட்டே இருக்கு.

விரல்னதும் ஒண்ணு சொல்லணும். எங்க பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்க, விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போயி வறண்டு கெடக்கும், அவங்க அமுக்குனா போன் கண்டுக்கவே கண்டுக்காது. போன் திரை, விரல் மின்சாரத்த கடத்துறத வச்சுத்தான் தொட்டது தெரிஞ்சுக்கும், தோல் தடிச்சு வறண்டிருந்தா அதுக்கு தெரியாது, அவங்க என்னடான்னா பலமா அமுக்கணும் போலன்னு நினைச்சு இன்னும் அழுத்துவாங்க, அது உதவாது. பக்கத்துல ஒரு ஈரத்துணிய வச்சு விரல லேசா தொட்டுக்க சொல்லுங்க, இல்லன்னா நுனிய விட்டுட்டு விரலோட பக்கவாட்டு சதையால தொட சொல்லுங்க, உடனே வேலை செய்யும். அழுத்தாம தட்டுனா போதும்னும் சொல்லிக்குடுங்க. இன்னொண்ணு, கஹூட்ல ஒரு தடவை அமுக்குனா அமுக்குனதுதான், மாத்த முடியாது. போன கையில புடிச்சிருந்தா உள்ளங்கை பட்டு தப்பான கலரு போயிடும், பாவம் அவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியாது. போன மேசையில ஒரு சின்ன துண்டு விரிச்சு அதுல படுக்க வச்சுடுங்க, நழுவாது.

அடுத்தது நேரம். இதுலதான் நிறைய பேரு ஏமாறுறாங்க. கஹூட்ல சரியான பதிலுக்கு எல்லாருக்கும் ஒரே மார்க் கிடையாது, சீக்கிரம் அமுக்குனவங்களுக்கு கூட. உடனே அமுக்குனா 1000, நேரம் முடியற கடைசி செகண்டுல அமுக்குனா 500, நடுவுல அமுக்குனா அதுக்கு ஏத்த மாதிரி கொறஞ்சுக்கிட்டே போகும். இப்ப கணக்கு பாருங்க. கேள்விக்கு 20 செகண்டு வச்சிருக்கீங்க, பதினஞ்சு வயசு பையன் இருக்கிற டீம் மூணாவது செகண்டுல அமுக்கிடுது, 925 மார்க். பாட்டி டீம் கேட்டு, பேசி, துணிய தொட்டு, பதினேழாவது செகண்டுல அமுக்குது, அதே சரியான பதிலுக்கு 575. வித்தியாசம் 350. பதினஞ்சு கேள்வியும் ரெண்டு டீமும் சரியா சொன்னாலும் 5250 மார்க் பின்னாடி நிப்பாங்க, அதாவது அந்த பையன் டீம் அஞ்சு கேள்வி கூடுதலா சொன்ன மாதிரி ஆயிடுது. பாட்டிக்கு ஒண்ணுமே தெரியலன்னு டிவி சொல்லுது, ஆனா அவங்களுக்கு எல்லாமே தெரியும்.

இப்ப அதே கேள்விக்கு 60 செகண்டு வச்சு பாருங்க. மூணாவது செகண்டுல அமுக்குனா 975, பதினேழாவது செகண்டுல அமுக்குனா 858. வித்தியாசம் 117தான். பதினஞ்சு கேள்விக்கு 1755, ரெண்டு கேள்வி கூட இல்ல, ஒரு கேள்விய கூடுதலா தெரிஞ்சு வச்சிருந்தா பாதிய புடிச்சிடலாம். நேரத்த நீட்டுனா விளையாட்டு இழுக்குமேன்னு நினைக்காதீங்க, எல்லா டீமும் அமுக்கிட்டா 60 முடியறவரைக்கும் அது காத்திருக்காது, அப்பவே அடுத்ததுக்கு போயிடும். யாராவது பாத்ரூம் போய் மாட்டிக்கிட்டா லேப்டாப்ல ஸ்கிப் அமுக்கிடலாம். அதனால எல்லா கேள்விக்கும் 60. இத மட்டும் செஞ்சாலே போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியும்.

கேள்வி எழுதுற வேலைக்கு வருவோம், இதுக்கு ரெண்டு ராத்திரி ஒதுக்குங்க. பதினஞ்சு கேள்வி போதும், வாசிச்சு, யோசிச்சு, சத்தம் போட்டு, மார்க் பார்த்து ஒரு கேள்விக்கு ஒண்ணரை ரெண்டு நிமிஷம் ஆயிடும், அப்ப அரை மணி நேரம், அதுக்கு மேல சின்னதுங்க தாங்காது. அந்த பதினஞ்சுக்கு முன்னாடி ஒரு கேள்விய மார்க் இல்லாம வச்சிடுங்க, கஹூட்லயே அப்படி ஒரு செட்டிங் இருக்கு, "இந்த வீட்டு கேட் என்ன கலரு" மாதிரி ஒண்ணு, எல்லாரும் அமுக்கி பழகிக்க. எந்த போன்ல பிரச்சினைன்னு அப்பவே தெரிஞ்சிடும்.

மீதி கேள்விங்கள எழுதுறப்ப நான் வச்சிருக்கிற கணக்கு இதுதான், ஒவ்வொரு கேள்வியும் ஏதாவது ஒரு வயசுக்காரங்களுக்கு மட்டும் கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும், மத்தவங்களுக்கு தெரியாம இருக்கணும். அப்பதான் மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்ப்பாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச பொது அறிவு கேள்வி போட்டா யாரு முதல்ல அமுக்குறாங்கங்கிறதோட முடிஞ்சு போயிடும்.

பெரியவங்களுக்கு தோட்டத்த கேளுங்க. "காலையில பெரட்டுக்கு போறதுன்னா எங்க போறது?", பதிலு, பேரு கூப்பிட்டு ஆள் எண்ற இடத்துக்கு. உங்க வயசு ஆளுங்களுக்கே பாதி பேருக்கு தெரியாது. "மங்குன்னா என்ன?", பால் புடிக்கிற கோப்பை. "ஒட்டுப்பால் எங்க இருந்து எடுப்பாங்க?", வெட்டு வாயில காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கிறது. "பால் மரத்த ஏன் விடியறதுக்கு முன்னாடி வெட்டணும்?", இதுக்கு தப்பு பதிலா துரை பாத்துடுவாரு, கொசு கம்மி, பாம்பு தூங்கும்னு மூணு போடுங்க, சரியான பதிலு குளிர் நேரத்துல மரத்துக்குள்ள அழுத்தம் அதிகமா இருக்கும், பாலு நல்லா ஓடும், வெயில் ஏற ஏற நின்னு போயிடும். எங்க வீட்டுல இந்த கேள்வி வந்தப்ப எங்க பெரியம்மா பதில அமுக்கிட்டு நிறுத்தல, மழை பேஞ்சு மரம் நனைஞ்சிருந்தா அன்னிக்கு வெட்டு கிடையாது, வெட்டு இல்லன்னா சம்பளமும் கிடையாது, மழை மாசத்துல வீடு எப்படி ஓடும்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. நான் அடுத்த கேள்விய அமுக்கவே இல்ல. லேப்டாப்ல இருக்கிறவங்க நெக்ஸ்ட் அமுக்குறவரைக்கும் திரை அப்படியே நிக்கும், அத அவசரப்பட்டு அமுக்காதீங்க.

உங்க ஊரு சுங்கை சிப்புட், அதனால ஊரு கேள்வியும் ரெண்டு போடலாம். தோட்டத்த துண்டு போட்டு வித்துக்கிட்டு இருந்த காலத்துல தொழிலாளிங்ககிட்ட பணம் சேத்து தோட்டம் வாங்குன தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த 1960ல ஆரம்பிச்சவரு யாரு? துன் சம்பந்தன், உங்க ஊருக்காரரு. உங்க தாத்தா அந்த சங்கத்துல பங்கு வாங்கி வச்சிருந்தாரான்னு வீட்டுல கேளுங்க, நிறைய வீட்டுல அந்த பழைய கார்டு இன்னும் இருக்கும், அத போட்டோ புடிச்சு கேள்வியோட படமாவே போடலாம்.

பிள்ளைங்களுக்கு அவங்க உலகத்த கேளுங்க. மைன்கிராஃப்ட்ல வைரம் தோண்ட குறைஞ்சது எந்த பிக்காக்ஸ் வேணும், மரமா கல்லா இரும்பா தங்கமா? இரும்பு. இத கேட்டதும் ஆறு வயசு பையன் தாத்தா காதுல "இரும்பு இரும்பு"ன்னு கத்துவான், தாத்தா "தங்கம்தானடா ஒசத்தி"ன்னு வாதாடுவாரு, நீங்களே பாருங்க.

குடும்ப கேள்விதான் கறி. பழைய போட்டோ ஒண்ண போட்டு இடது ஓரத்துல நிக்கிறது யாரு, இந்த வீட்டுக்கு முதல் டிவி வந்தப்ப யாரு தூக்கிட்டு வந்தது, அத்தை முதல் தடவை செஞ்ச அச்சுமுறுக்கு என்ன ஆச்சு, இந்த மாதிரி. வேண்டாததும் இருக்கு, யாரு வயசு எவ்வளவு, யாருக்கு எத்தனை மார்க்கு, யாருக்கு இன்னும் கல்யாணம் ஆகல, யாரு யாருகூட பேசுறதில்ல, இது ஒண்ணும் உள்ள வரக்கூடாது. தப்பு பதிலு எழுதுறப்பயும் யாரையும் கொறைச்சலா காட்டாதீங்க, டிவில பெரிய எழுத்துல வருது, சொன்னவரு மறந்துடுவாரு, படிச்சவரு மறக்க மாட்டாரு.

விடைய கண்டிப்பா ரெண்டு பெரியவங்ககிட்ட தனித்தனியா கேட்டு சரி பாருங்க. எங்க அம்மா சொன்னாங்கன்னு நான் ஒரு போட்டோவுக்கு சின்ன தாத்தான்னு விடை வச்சிட்டேன். பால் கொட்டாய் முன்னாடி மூணு பேரு நிக்கிற போட்டோ. பாட்டி வேற கலர அமுக்குனாங்க, டிவி தப்புன்னு காட்டுச்சு. அவங்க கிட்ட போயி டிவிய தடவி பார்த்து, "இது அவரு இல்ல, இது என் தம்பி, அந்த சட்டை நான் தைச்சது"ன்னாங்க. நான் தப்பு, கேம் ஓடிக்கிட்டு இருக்கிறப்ப விடைய மாத்த முடியாது, மார்க்கையும் கூட்ட முடியாது. கடைசியில ஒரு காகிதத்துல கையால மார்க் கூட்டி குடுத்தோம். பாட்டி மார்க்க பத்தி கவலைப்படல, ஆனா தம்பிய தப்பா சொல்லிட்டேனேன்னு எனக்கு இன்னிக்கும் மனசு சரியில்ல.

டைப் பண்றப்ப ஒண்ணு கவனிங்க. கஹூட் தமிழ எடுத்துக்கும், ஆனா கேள்விக்கும் பதிலுக்கும் இத்தனை எழுத்துதான்னு ஒரு அளவு இருக்கு, பக்கத்துலயே எண்ணிக்கை ஓடும். தமிழ்ல நாம ஒரு எழுத்துன்னு நினைக்கிறது நிறைய அதுக்கு ரெண்டு, "கோ"ன்னா க ஒண்ணு கால் கொம்பு சேர்ந்த குறி ஒண்ணு, "க்"னாலும் க ஒண்ணு புள்ளி ஒண்ணு. அதனால நீங்க நினைக்கிறதுக்கு முன்னாடியே நிரம்பிடும். சுருக்கமா எழுதுங்க, பதிலு ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல போனா டிவில எழுத்தும் சின்னதாயிடும், பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு தெரியாது.

இப்ப வயரு. லேப்டாப்ல இருந்து டிவிக்கு கேபிள்ல போங்க, வயர்லெஸ்ல காஸ்ட் பண்ணாதீங்க. காஸ்ட் பண்ணா படம் டிவிக்கு வர கொஞ்சம் தாமதம் ஆகும், போன்ல கலர் கட்டம் வந்துடுச்சு, டிவில பதிலு இன்னும் வரல, பெரியவங்க எதுக்குன்னு தெரியாம அமுக்கிடுவாங்க. சாதா HDMI கேபிள் ஒண்ணு, அஞ்சு மீட்டர் இருந்தா நல்லது, ஒண்ணரை மீட்டர் வாங்குனா லேப்டாப்ப டிவி காலடியில வச்சுக்கிட்டு தரையில உக்காரணும். உங்க லேப்டாப் மெலிசா சின்ன ஓட்டை மட்டும் இருக்கிற புது மாடலா இருந்தா அடாப்டர் வேணும், ஆனா அந்த சின்ன ஓட்டை எல்லாத்துலயும் படம் வெளிய வராது, சிலது சார்ஜ் மட்டும்தான், அதனால வாங்குன அன்னைக்கே மாட்டி பாருங்க. விண்டோஸ்னா Windows + P அமுக்கி Duplicate எடுங்க. படம் வந்து சத்தம் வரலன்னா சவுண்ட் ஐக்கான்ல போய் டிவி பேர தேர்ந்தெடுங்க. லேப்டாப் தானா தூங்குறத நிறுத்தி வைங்க.

பழைய டிவில இன்னொரு தொல்லை, படத்தோட ஓரத்த வெட்டிடும், கஹூட்ல சேருற நம்பரு மேல பாதி மறைஞ்சிருக்கும். டிவியோட பிக்சர் செட்டிங்ல போய் படத்த முழுசா காட்டுற ஆப்ஷன எடுங்க, ஒவ்வொரு டிவிலயும் ஒவ்வொரு பேரு, Just Scan, Screen Fit, Full Pixel இப்படி ஏதாவது இருக்கும்.

நெட் பத்தி பயப்படாதீங்க, ஆனா எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சு வச்சுக்கணும். போன் லேப்டாப்போட நேரா பேசறதில்ல, ரெண்டும் இன்டர்நெட்ல இருக்கிற சர்வர் வழியாதான் பேசுது. அதனால எல்லாரும் ஒரே வைஃபைல இருக்கணும்னு அவசியமே இல்ல, பாட்டி வைஃபைல, மாமா தன்னோட டேட்டால, ரெண்டும் ஒரே கேம்ல சேரும். போன்ல போறது வர்றது வெறும் பட்டன் அமுக்குன செய்தி, டேட்டா கொஞ்சம்தான். லேப்டாப்புக்கு மட்டும் நிலையான நெட் வேணும். தகரக் கூரை வீடுன்னா உள்ள சிக்னல் வாங்காது, ஹாட்ஸ்பாட் போடுற போன ஜன்னல் ஓரமா வச்சுடுங்க, மூலையில வைக்காதீங்க. சாயங்காலம் மூணு மணிக்கு மேல இடி மழை வந்தா உங்க ஊருல டிவி வயர புடுங்கிடுவாங்க, நல்லதுதான், அதனால சாப்பாடு முடிஞ்ச உடனே ஒண்ணரை ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சிடுங்க, பிள்ளைங்க பட்டாசுக்கு ஓடுறதுக்கு முன்னாடியும் முடிஞ்சிடும். அதுக்கும் மேல பாதுகாப்பா இருக்கணும்னா கேள்விய ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிட்டு நாலு கலர் அட்டைய ஆறு செட்டு வெட்டி வைங்க, கரண்டு போனா அட்டைய தூக்கி காட்டி அப்படியே தொடரலாம்.

ஆறு போனையும் முன்கூட்டியே செட் பண்ணி வைங்க. திரை தானா அணையிற நேரத்த போன் விடுற அளவுக்கு நீட்டி வைங்க, இல்லன்னா கதை பேசிக்கிட்டு இருக்கிறப்ப போன் லாக் ஆகி கேம்ல இருந்து விட்டுடும், பாட்டிக்கு பின் நம்பர் தெரியாது, யாரு போன்னும் தெரியாது, அங்க ஒரு ரெண்டு நிமிஷம் போயிடும். தொந்தரவு செய்யாதே ஆன் பண்ணுங்க, தீபாவளி அன்னிக்கு வாட்ஸ்அப் கால் வராம இருக்காது. வெளிச்சத்த முழுசா ஏத்துங்க. பிரவுசர்ல kahoot.it திறந்து வச்சிடுங்க, டிவில வர்ற நம்பர போட்டு டீம் பேர போட்டா சேர்ந்தாச்சு, டிவில QR கட்டமும் வரும், கேமராவால புடிச்சாலும் போதும். ரெண்டு கட்டமா சேர சொல்ற செட்டிங் ஒண்ணு இருக்கு, அது ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, கூட்டத்துல அது குழப்பும்.

ஆளு ரெண்டு பேரு வேணும். லேப்டாப்ல ஒருத்தர், நீங்க. வாசிக்க ஒருத்தர், குரல் நல்லா இருக்கிற மாமா யாராவது. "செவப்பு, கொட்டாய். நீலம், கோயிலு. மஞ்சளு, கடை. பச்சை, பள்ளிக்கூடம்"னு கலரையும் பதிலையும் சேர்த்து நிதானமா ரெண்டு தடவை வாசிக்கணும். வாசிக்கிறவரும் நீங்களும் எந்த டீம்லயும் இருக்கக் கூடாது, அதனால நாலு டீம் மூணு பேரு, ரெண்டு டீம்ல மட்டும் ஒவ்வொரு ஆளு கொறையும், பரவாயில்ல, அந்த ரெண்டு டீம்லயும் பெரிய பிள்ளைய போடுங்க. நீங்க விளையாடல, அத நீங்க ஒப்புக்கணும், விடை தெரிஞ்சவரு விளையாட முடியாது.

இது முடிஞ்சு இன்னும் உக்காந்திருக்காங்கன்னா, அப்ப ட்ராஃபுல் 2 போடலாம். இது காசு குடுத்து லேப்டாப்ல வாங்கணும், போன்ல ஒண்ணும் இறக்க வேணாம், jackbox.tv போய் டிவில வர்ற நாலு எழுத்து கோட போட்டா போதும். மூணுல இருந்து எட்டு பேரு வரைக்கும் சேரலாம், அதனால அதே ஆறு போன், அதே டீம். ஒரு டீமுக்கு ஒரு வினோதமான வாக்கியம் வரும், இங்கிலீஷ்ல, அத நடு வயசு ஆளு காதுல தமிழ்ல சொல்ல, பிள்ளை போன்ல வரையும். படம் டிவில வரும், மத்த டீமெல்லாம் இது என்னன்னு ஒரு பொய் தலைப்பு அனுப்பணும், அப்புறம் எல்லா தலைப்பும் கலந்து வரும், எது நிஜம்னு கண்டுபிடிக்கணும். தலைப்ப நாம வாட்ஸ்அப்ல அடிக்கிற மாதிரி இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிங்க, வாசிக்கிற மாமா சத்தமா வாசிச்சிடுவாரு. பொய் தலைப்ப சொல்ல வேண்டியது பெரியவங்க, டைப் பண்றது பிள்ளை. செட்டிங்ஸ்ல நேரத்த நீட்டுற ஆப்ஷன் இருக்கு, மறக்காம ஆன் பண்ணுங்க. மூணு ரவுண்டுக்கு மேல வேணாம்.

காரு ஓட்டுறது, சண்டை போடுறது மாதிரி போன ஜாய்ஸ்டிக்கா வச்சு ஆடுற கேமு ஏதாவது இருந்தா, அது பிள்ளைங்களுக்கு மட்டும் ராத்திரிக்கு வைங்க. அதுல பட்டன் அமுக்குனதுக்கும் டிவில அசையிறதுக்கும் நடுவுல லேசா தாமதம் இருக்கும், விரலு வேகம்தான் எல்லாம், அங்க பெரியவங்கள உக்கார வச்சா போன வருஷ கதைதான்.

இப்ப உடனே செய்ய வேண்டியது கேள்வி கூட இல்ல, போட்டோ. இந்த வாரமே பாட்டி வீட்டுக்கு போய் பழைய பிஸ்கட் டின்னுல இருக்கிற போட்டோ எல்லாத்தையும் எடுத்து அவங்க முன்னாடி பரப்பி, ஒவ்வொண்ணுலயும் யாரு யாருன்னு அவங்க வாயால கேட்டு பின்பக்கம் பென்சில்ல எழுதி வாங்கிடுங்க. தவறிப்போனவங்க படம் எது போடலாம் எது வேணாம்னும் அவங்களே சொல்லுவாங்க. ஒரு போட்டோவுக்கு ஒரு கதை வரும், அதனால ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்னு போகாதீங்க, ஞாயித்துக்கிழமை முழுசா எடுத்துக்குங்க, மதிய சாப்பாட்டுக்கும் அங்கயே வர்றேன்னு முன்னாடியே சொல்லிடுங்க.